வாரக் காய்கறிப் பெட்டிக்கு 12 வாரப் பணம் முன்கூட்டியே கட்டலாமா?

ரேவதி_தாம்பரம்

எங்கள் அடுக்ககத்தில் சில குடும்பங்கள் மதுராந்தகம் பக்கம் உள்ள ஒரு இயற்கைப் பண்ணையிடம் வாரப் பெட்டி வாங்குகிறார்கள். சனிக்கிழமை மதியம் வாசலுக்கே வந்துவிடும். பெட்டி 600 ரூபாய். என்ன காய் என்று நாம் தேர்வு செய்ய முடியாது, அந்த வாரம் விளைந்ததைக் கொடுப்பார்கள். சேர்வதானால் 12 வாரப் பணம், அதாவது 7,200 ரூபாய், முன்னதாகக் கட்ட வேண்டும். செப்டம்பர் முதல் வாரத்தில் தொடங்குகிறது.

முதலில் ஒரு பெட்டி மட்டும் வாங்கிப் பார்த்தேன். வந்தவை: பரங்கிக் கீற்று 1 கிலோ 200, சுரைக்காய் 900 கிராம், வெண்டை, கத்தரி, தக்காளி, கேரட், புடலை தலா அரை கிலோ, கொத்தவரை கால் கிலோ, கீரை மூன்று கட்டு (சிறுகீரை, அரைக்கீரை, மணத்தக்காளி). கீரையையும் சேர்த்தால் ஐந்தரை கிலோவுக்குக் கொஞ்சம் மேல்.

நாங்கள் நான்கு பேர். சமையல் நானும் மாமியாரும். ருசி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இந்த விலை நியாயமா, மழைக்காலத்தில் ஒழுங்காக வருமா என்று எதை வைத்து முடிவு செய்வது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சண்முகம்_கோவை

இதற்கு எதற்கு மாதக்கணக்கில் முன்பணம்? 1999-இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை இன்று ஊர் ஊருக்கு இருக்கிறது. நான் ஆர்.எஸ்.புரம் சந்தைக்குக் காலையில் ஆறு மணிக்கெல்லாம் போய்விடுவேன். அன்றைய விலையைப் பலகையில் எழுதிப் போட்டிருப்பார்கள், மொத்த விலைக்குக் கொஞ்சம் மேலே, கடை விலைக்குக் கீழே. விற்பவர் விவசாயி. வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொள்ளலாம். இதைவிட நேரடி என்ன இருக்கிறது?

இயற்கை விவசாயமா என்று பார்க்கவும் சுலபமான வழி இருக்கிறது. இலையில் ஓட்டை, கத்தரியில் பூச்சி இருந்தால் மருந்து அடிக்காதது. பளபளவென்று ஒரே அளவில் இருந்தால் மருந்து அடித்தது. இதற்கு 600 ரூபாய் தேவையில்லைங்க.

பானு_அடையாறு

சண்முகம் சார் சொல்லும் சந்தை பக்கத்தில் இருந்து, காலையில் போகவும் முடிந்தால் விலையில் அதை யாராலும் வெல்ல முடியாது. ஆனால் ரேவதி கேட்பது வேறு கேள்வி.

நான் பல வருடமாகப் பெட்டி வாங்குகிறேன், பண்ணையும் மாற்றியிருக்கிறேன். பெட்டி வந்ததும் ஒவ்வொன்றையும் நிறுத்து, இரண்டு விலை போட்டுப் பார்ப்பேன். ஒன்று தெருமுனைக் கடை விலை, இன்னொன்று இயற்கை அங்காடி விலை. ரேவதி, உங்கள் பட்டியலுக்கு எங்கள் பகுதியின் இந்த வார விலையைப் போட்டேன். உங்கள் ஊர் விலையைப் போட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

தெருமுனைக் கடையில் பரங்கியும் சுரையும் கிலோ 30, வெண்டை, கத்தரி, கொத்தவரை 60, தக்காளியும் புடலையும் 40, கேரட் 70, கீரை கட்டு 20. உங்கள் எடைக்குக் கூட்டினால் 273 ரூபாய்தான் வருகிறது. இயற்கை அங்காடியில் அதே காய்களுக்கு 516 ஆகிறது. அப்படியென்றால் பண்ணை உங்களிடம் அங்காடி விலைக்கு மேல் 84 ரூபாய் வாங்குகிறது. வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுப்பதற்கு அது அநியாயம் இல்லை.

இப்போது இரண்டாவது கணக்கு. ஐந்தரை கிலோவில் பரங்கியும் சுரையும் மட்டுமே 2 கிலோ 100. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். எடைக்கு எடை சரியாக இருக்கும், ஆனால் பெட்டியைக் கனமாக்குவது மலிவான காய்கள். சுரைக்காயை உங்கள் வீட்டில் தொடுவார்களா? பரங்கிக் கீற்றில் பாதி மீந்ததா? தொடாததைக் கழித்துவிட்டு, சாப்பிட்டதற்கு மட்டும் விலை போடுங்கள். சுரையும் பாதிப் பரங்கியும் போனால் அங்காடி விலையில் 426-தான் நிற்கிறது. கொடுத்தது 600. என்னைக் கேட்டால் ஒரு வீட்டுக்குப் பெட்டி ஒத்துவருமா என்பதை இந்த இடைவெளிதான் சொல்லும். இது ஒரு பெட்டியில் தெரியாது. இரண்டு மூன்று வாரமாவது எழுதி வையுங்கள்.

காய் எப்போது பறித்தது என்பதையும் பாருங்கள். கத்தரிக்காயில் காம்பின் தொப்பி பச்சையாக, காயோடு ஒட்டி இருக்க வேண்டும். ஓரம் பழுப்பேறிச் சுருண்டு, தோலில் மினுமினுப்பு போயிருந்தால் பறித்து நாளாகிவிட்டது. கீரையில் வெட்டிய தண்டின் நுனியைப் பாருங்கள். ஈரமாக வெளுத்திருந்தால் அன்று அறுத்தது, காய்ந்து கறுத்திருந்தால் முந்தைய நாளோ அதற்கும் முன்போ. வெண்டையின் நுனி பட்டென்று ஒடியாமல் வளைந்தால் முற்றிவிட்டது. பக்கத்துக் கடையில் கிடைக்காத ஒரு விஷயத்துக்குத்தான் கூடுதல் பணம் கொடுக்கிறோம், அது இந்தப் புத்துணர்ச்சி. அதுவும் இல்லையென்றால் கணக்கே போட வேண்டாம்.

செய்யூர்_விவசாயி

ரேவதி அம்மா, நீங்கள் சொல்லும் பண்ணை எங்களுடையது இல்லை. நாங்களும் செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் ஒன்றரை ஏக்கரில் காய் போட்டு, சில குடும்பங்களுக்கு வாரம் அனுப்புகிறோம். அதனால் உள்ளே எப்படி நடக்கும் என்று சொல்ல முடியும்.

உங்கள் பட்டியலில் கேரட் இருக்கிறது. எங்கள் பக்க வெயிலில் இந்த மாதத்தில் கேரட் விளையாது. அது ஊட்டியிலிருந்தோ கொடைக்கானலிலிருந்தோ வந்திருக்கும். வெளியில் வாங்கிச் சேர்ப்பது தப்பே இல்லை. கேரட் இல்லாத பெட்டியைப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஏற்க மாட்டேன் என்கிறார்கள். ஆனால் எது எங்கள் மண்ணில் விளைந்தது, எது வாங்கியது என்று சீட்டில் எழுதித் தர வேண்டும். கேட்டுப் பாருங்கள். நேர்மையான பண்ணை உடனே சொல்லிவிடும்.

அடுத்து, வகைகள். வாரம் பத்து வகை வருமா என்பது விதைப்பில் இருக்கிறது. சிறுகீரை விதைத்து 25 நாளில் பிடுங்க வேண்டும். நாள் கடந்தால் தண்டு நார் ஆகிவிடும். அதனால் வாரம் ஒரு பாத்தி புதிதாக விதைத்தால்தான் வாரம் ஒரு அறுவடை. வெண்டை 45-ஆம் நாள் காய்க்கத் தொடங்கும், ஒன்று விட்டு ஒரு நாள் பறிக்க வேண்டும், 90, 100 நாளில் ஓய்ந்துவிடும். முதல் விதைப்பு காய்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்ததைப் போட்டிருக்க வேண்டும். இதைச் செய்யாத பண்ணையில் ஒரு மாதம் வெண்டையாகக் கொட்டும், அடுத்த மாதம் கண்ணிலேயே படாது. ஆகவே "என்ன காய் தருவீர்கள்" என்று கேட்காதீர்கள். "இப்போது நிலத்தில் என்னென்ன நிற்கிறது, எதை எப்போது விதைத்தீர்கள்" என்று கேளுங்கள். தேதியோடு பதில் வந்தால் அங்கே வேலை நடக்கிறது.

மூன்றாவதாக, எத்தனை ஏக்கர், எத்தனை வீடு என்று கேளுங்கள். எங்களுக்கு நல்ல பருவத்தில், பாத்தியை ஓய்வு விட்டுப் பயிர் மாற்றுவதையும் சேர்த்து, ஏக்கருக்கு வாரம் 100 கிலோ கிடைத்தாலே திருப்தி. இதை வைத்துப் பெருக்கிப் பாருங்கள், பெட்டிக்குள் உள்ளது அவர்கள் நிலத்துக் காயா என்று தெரிந்துவிடும்.

சண்முகம் அண்ணனுக்கு: பூச்சி இருப்பது அடையாளம் இல்லைங்க. கத்தரியில் காய்ப்புழு உள்ளே போய்விட்டால் மேலே எவ்வளவு மருந்து அடித்தாலும் ஓட்டை அப்படியேதான் இருக்கும். நிறைய மருந்து அடித்த வயலிலும் ஓட்டைக் கத்தரி உண்டு. நாங்கள் புழு விழுந்த நுனித் தண்டைக் கிள்ளி எடுத்து அழித்து, இனக்கவர்ச்சிப் பொறியும் வைத்தால் சுத்தமான காயும் நிறையவே வருகிறது. காயைப் பார்த்து மருந்தைக் கண்டுபிடிக்க முடியாது.

ஜெகன்_ஓசூர்

நான் மாப்பிள்ளை சம்பாவும் தூயமல்லியும் நேரடியாக விவசாயியிடம் வருடச் சந்தாவில் வாங்குகிறேன், ரொம்ப திருப்தி. ஒரே சிக்கல் வண்டு. மூட்டை பிரித்து இரண்டு மாதத்தில் வந்துவிடுகிறது. அதற்கு வழி இருக்கிறதா? வசம்பு போட்டும் நிற்கவில்லை.

பானு_அடையாறு

ஜெகன், அரிசி ஆறு மாதம் இருக்கும், கீரை ஆறு மணி நேரத்தில் வாடும், அதனால் இந்த இழைக்கு அது கொஞ்சம் வேறு கதை. வண்டுக்கு நான் செய்வது: மூட்டையாக வாங்காமல் மாதத் தேவைக்கு மட்டும் வாங்கி, நன்றாகக் காயவைத்துக் காற்றுப் புகாத டப்பாவில் போடுவது. தனி இழை போடுங்கள், நிறையப் பேர் சொல்வார்கள்.

சண்முகம்_கோவை

பூச்சி விஷயம் புதிதாகக் கேட்கிறேன், சரி. அப்படியென்றால் எதை நம்புவது? சான்றிதழ் இல்லாமல் இயற்கை என்று சொல்லி விற்கவே கூடாது என்றல்லவா சட்டம்?

செய்யூர்_விவசாயி

கடைக்குப் போகும் பாக்கெட்டுக்கு அது சரி. சிறு விவசாயி தானே நேரடியாகச் சாப்பிடுபவருக்கு விற்றால் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. ஆனால் வெளியில் வாங்கிச் சேர்த்து விற்கிறவருக்கு அந்த விலக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பது அவருடைய வியாபார அளவையும் பொறுத்தது.

எங்களிடம் இருப்பது பி.ஜி.எஸ். சான்று. குறைந்தது ஐந்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து, ஒருவர் வயலை மற்றவர் போய்ப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். இயற்கை முறைக்கு மாறிக்கொண்டிருக்கும் நிலத்துக்கு ஒரு சான்று, முழுதாக மாறிய நிலத்துக்கு வேறு சான்று. சான்று இருக்கிறது என்றால் எந்தக் குழு, எது என்று கேளுங்கள். அதற்கும் மேலே, ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் போய் நில்லுங்கள். மாட்டுக்கொட்டகை, எருக்குழி, எந்தப் பாத்தி எந்த வளர்ச்சியில் இருக்கிறது என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். வரவேண்டாம் என்று சொல்லும் பண்ணையில் நான் பணம் கட்ட மாட்டேன்.

ரேவதி_தாம்பரம்

எல்லோருக்கும் நன்றி. பண்ணைக்காரரிடம் தொலைபேசியில் கேட்டேன், பொறுமையாகப் பதில் சொன்னார். இரண்டு ஏக்கர், 80 வீடு. கேரட் ஊட்டியிலிருந்து வாங்குகிறாராம். தக்காளி கிருஷ்ணகிரிப் பக்கம் தெரிந்த விவசாயியிடமிருந்து. மற்றதெல்லாம் தன் நிலம் என்கிறார். மழையில் காய் குறைந்தால் பெட்டியின் அளவும் குறையும், பணம் திரும்பாது என்றும் சொல்லிவிட்டார்.

கேரட்டும் தக்காளியும் தலா அரை கிலோ. அதைக் கழித்தால் வீட்டுக்கு நாலரை கிலோ, 80 வீட்டுக்கு வாரம் 360 கிலோ. செய்யூர் அண்ணா சொன்ன கணக்குப்படி இரண்டு ஏக்கரில் 200 கிலோதானே வரும்? நான் சரியாகப் புரிந்துகொண்டேனா?

பானு அக்கா, சுரைக்காய் மாமியாருக்குப் பிடிக்கும், அது செலவாகிவிட்டது. பரங்கி மீந்தது உண்மை. கீரைத் தண்டு வெளுப்பாகத்தான் இருந்தது. கத்தரித் தொப்பி பச்சை.

செய்யூர்_விவசாயி

சரியாகத்தான் புரிந்துகொண்டீர்கள். என் கணக்கை அப்படியே அவர் தலையில் வைக்காதீர்கள். பரங்கி, சுரை, பூசணி போன்ற கொடிக்காய்களை அதிகம் போட்டால் எடை நிறைய வரும், உங்கள் பெட்டியே அதைக் காட்டுகிறது. ஆனாலும் வாரா வாரம் 360 கிலோ என்பது இரண்டு ஏக்கருக்கு அதிகம். பக்கத்து நிலங்களிலிருந்தும் எடுப்பார் என்று நினைக்கிறேன். பக்கத்து நிலத்தவர் அதே முறையில் விளைவித்தால் எனக்கு அதில் குறை இல்லை. ஒன்றுமட்டும் கேளுங்கள்: "நிலத்தில் குறையும் வாரம் எங்கிருந்து எடுப்பீர்கள்?"

மகேஷ்_வேளச்சேரி

நான் குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். முன்பணம் கட்டவே கட்டாதீர்கள். நாங்கள் ஒரு இடத்தில் ஆறு மாதத்துக்குக் கட்டினோம். முதலில் பிரமாதம். அக்டோபர் கடைசியில் பெட்டி பாதியானது, பிறகு ஒரு வாரம் வரும், ஒரு வாரம் வராது. டிசம்பரில் தொலைபேசியை எடுக்கவே இல்லை. எங்கள் தெருவில் இன்னும் சில குடும்பங்களுக்கும் பணம் போனது. வாரா வாரம் வாங்குவோம், வாரா வாரம் கொடுப்போம். அதற்கு ஒத்துக்கொள்ளாத பண்ணை நமக்கு வேண்டாம்.

நீங்கள் செப்டம்பரில் தொடங்கினால் 12 வாரம் எங்கே முடியும் என்று பாருங்கள். நவம்பர் கடைசி. வடகிழக்குப் பருவமழை நடுவில்.

செய்யூர்_விவசாயி

மகேஷ் தம்பிக்கு நடந்தது அநியாயம், தொலைபேசியை எடுக்காததற்கு எந்தக் காரணமும் சொல்ல முடியாது. ஆனால் முன்பணம் எதற்கு என்பதையும் சொல்ல வேண்டும். நவம்பரில் நீங்கள் சாப்பிடும் கத்தரிக்கு நான் ஆகஸ்டில் நாற்று விட்டிருக்க வேண்டும். விதை, எரு, களை எடுக்கும் கூலி எல்லாம் முன்னாலேயே போய்விடுகிறது. வாரா வாரம் என்றால் மழையில் நனைந்த வாரம் பாதி வீடு "இந்த வாரம் வேண்டாம்" என்று சொல்லிவிடும். பறித்த காய் என்ன ஆகும்?

அதோடு, உங்கள் பக்கத்துக்கும் ஒரு பலன் உண்டு. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100-ஐத் தாண்டியது, சென்னையில் ரேஷன் கடையில் 60 ரூபாய்க்குக் கொடுத்தார்களே, ஞாபகம் இருக்கும். அப்போது பெட்டி விலையை ஏற்றாமல் கொடுத்தோம், வெளியே விற்றிருந்தால் எங்களுக்கு அதிகம் கிடைத்திருக்கும். ரேவதி அம்மா, அந்தப் பண்ணையில் பழைய வீடுகளைக் கேளுங்கள்: அந்த மாதம் பெட்டியில் தக்காளி வந்ததா, காணாமல் போனதா? விலை ஏறும்போது காய் எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் நம்பகத்துக்கு நல்ல அளவு.

மகேஷ்_வேளச்சேரி

நீங்கள் அப்படிக் கொடுத்தீர்கள் என்பதை நம்புகிறேன் அண்ணா. எல்லோரும் நீங்கள் இல்லை. மழையால் வரும் நட்டம் முழுவதையும் வாங்குபவர் தலையில் போட்டுவிட்டு, விளைச்சல் அதிகமான வாரத்தில் கூடுதலாக எதுவும் தராத ஒப்பந்தத்தை எப்படி நியாயம் என்று சொல்வது?

பானு_அடையாறு

இது நல்ல கேள்வி மகேஷ். நான் இப்போது வாங்கும் இடத்தில் நான்கு வாரமாகக் கட்டுகிறோம். பெட்டி வராத வாரம் கடைசியில் ஒரு வாரமாகச் சேரும். அளவு பாதிக்குக் கீழே போனால் பாதி வாரமாகக் கணக்கு. பண்ணைக்காரரும் நாங்களும் பேசி, வாட்ஸ்அப் குழுவில் எழுதி வைத்தோம். 7,200-ஐ ஒரே தவணையில் கொடுக்காமல் மூன்று தவணையாக ரேவதி கேட்கலாம். 80 வீடு வைத்திருப்பவர் இதற்கு மறுக்க மாட்டார் என்று நினைக்கிறேன். மறுத்தாலும் அதுவும் உங்களுக்கு ஒரு தகவல்தான்.

சண்முகம்_கோவை

எழுதி வைத்தால் நல்லது. நான் இன்னும் சந்தைக் கட்சிதான், ஆனால் தாம்பரத்திலிருந்து வேலைக்குப் போகிறவர் காலை ஆறு மணிக்கு எந்தச் சந்தைக்குப் போவார் என்று என் மகள் கேட்கிறாள். அதற்கு என்னிடம் பதில் இல்லைங்க.

ரேவதி_தாம்பரம்

தவணை கேட்டேன். நான்கு வாரம் நான்கு வாரமாகக் கட்டச் சம்மதித்தார். வராத வாரத்தைக் கடைசியில் சேர்ப்பதற்கும் சரி என்றார், அளவு குறைந்தால் பாதிக் கணக்கு என்பதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. 2023 ஜூலையில் தக்காளி வந்ததா என்று கீழ்வீட்டு அம்மாவைக் கேட்டேன், "வந்தது, ஆனால் கால் கிலோ" என்றார். பக்கத்து நிலத்திலிருந்தும் எடுக்கிறார் என்பதை அவரே சொல்லிவிட்டார், சீட்டில் இனிமேல் எழுதுவதாகவும் சொன்னார்.

முதல் நான்கு வாரத்துக்குக் கட்டப்போகிறேன். அக்டோபர் வரை தெரிந்துவிடும். இன்னொன்று கேட்க வேண்டும்: மழை தொடங்கியதும் கீரை வராது என்கிறார்கள். அப்போது பெட்டியில் என்ன எதிர்பார்ப்பது நியாயம்?

செய்யூர்_விவசாயி

நல்ல மழை பெய்தால் கீரைப் பாத்தியில் சேறு தெறித்து இலை அழுகும், வெண்டை, கத்தரிப் பூ கொட்டும். அந்த நாட்களில் வாழைத்தண்டு, வாழைப்பூ, வாழைக்காய், மரவள்ளி, கறிவேப்பிலை, முருங்கைக் கீரை கேளுங்கள். கோடையில் அறுத்துப் பரணில் வைத்த முழுப் பூசணியும் பரங்கியும் அதுவரை கெடாமல் இருக்கும். மேட்டுப்பாத்தி போட்டவர்களுக்குக் கொஞ்சம் அரைக்கீரையும் தப்பிக்கும். சேனை டிசம்பருக்கு மேல்தான் முழுசாக வரும். மழை வாரத்திலும் பெட்டி முழுக்கக் கேரட், பீட்ரூட், கோஸ், பீன்ஸ் என்று வந்தால் அது மலைக்காய்ப் பெட்டி. அதை 600 ரூபாய்க்கு வாங்க வேண்டியதில்லை.

மகேஷ்_வேளச்சேரி

பாதிக் கணக்குக்கு ஒத்துக்கொள்ளாததுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. யாராவது எழுத்தில் அதற்குச் சம்மதித்த பண்ணையிடம் வாங்கி, மழை வருடத்தில் அது நடந்ததா என்று சொல்ல முடியுமா?